200 பேட்ச், 9 மோல்டு: மேற்செலவு பிறக்கும் மட்டத்தைத் தேடி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையை எடுத்துக்கொள்வோம். மூன்று இன்ஜெக்‌ஷன் எந்திரங்கள், மூன்று வகைப் பொருட்கள். முதலாவது வாளி: ஒரே மோல்டு, ஆண்டுக்கு 7,00,000. இரண்டாவது நாற்காலி: இரண்டு அளவு, இரண்டு மோல்டு, ஆண்டுக்கு 2,00,000. மூன்றாவது அளவீட்டுக் கருவிகளுக்கான உறை: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வடிவம் என்று 9 மோல்டு, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 மட்டுமே. எண்களைக் கணக்குப் போட வசதியாக முழுமைப்படுத்தி வைத்திருக்கிறேன். தொகைகளை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம். விகிதங்கள்தான் கதை சொல்லும்.

மூலப்பொருளும் நேரடிக் கூலியும் போக, ஆலையின் ஆண்டு மேற்செலவு 60,00,000. எந்திரங்கள் ஓடும் நேரம் 12,000 மணி. வாளிக்கு 7,000, நாற்காலிக்கு 4,000, உறைக்கு 1,000. பழைய கணக்கு எளிமையானது. 60 லட்சத்தை 12,000 மணியால் வகுத்தால் மணிக்கு 500. அதன்படி ஒரு வாளிக்கு மேற்செலவு 5, நாற்காலிக்கு 10, உறைக்கு 12.50.

விற்பனை விலையிலிருந்து மூலப்பொருளையும் கூலியையும் கழித்தால் வாளியில் 4.50 மிஞ்சுகிறது, நாற்காலியில் 10, உறையில் 40. இதிலிருந்து மேற்செலவையும் கழித்தால் வாளி ஆண்டுக்கு 3.5 லட்சம் நட்டம், நாற்காலி லாபமும் இல்லை நட்டமும் இல்லை, உறை 11 லட்சம் லாபம். ஆலையின் மொத்த லாபம் 7.5 லட்சம்.

இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டால் முடிவு என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. வாளியைக் குறை, உறை ஆர்டர்களைத் தேடிப் பிடி, இன்னும் பத்து வடிவம் வந்தாலும் சரி என்பார்கள். ஆனால் தளத்தில் நிற்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். வாளி எந்திரம் ஆறு நாள் தானாக ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க எல்லோரும் ஓடுவது உறைக்காகத்தான் என்பார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில் இருக்கும் இடைவெளிதான் இந்த ஆய்வின் பொருள்.

மோல்டு மாற்றும் இரண்டு மணி நேரம்

உறையின் ஒரு பேட்ச் எப்படித் தொடங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்துகிறார்கள். பழைய மோல்டின் குளிர்நீர்க் குழாய்களைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரைக் காற்றடித்து வெளியேற்றுகிறார்கள். சங்கிலிக் கொக்கியில் மோல்டை மாட்டி, கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வெளியே தூக்குகிறார்கள். புதிய மோல்டு மோல்டு அறையிலிருந்து வர வேண்டும்; அதன் நடு வளையம் எந்திரத்தின் துளையில் சரியாக உட்கார வேண்டும். அப்புறம் போல்ட், குழாய், வெப்பநிலை, அழுத்தம் எல்லாம். எந்திரத்தின் உருளைக்குள் தங்கிய பழைய நிறத்துப் பிளாஸ்டிக்கைப் புதிய பிளாஸ்டிக் விட்டுத் தள்ளி வெளியேற்றுகிறார்கள். முதல் 25 வார்ப்பு பொதுவாகக் கழிவு: ஒன்றில் சுருக்கம், ஒன்றில் நிறக் கலப்பு, ஒன்றில் ஓரம் நிரம்பாமல் இருக்கும். பிறகு வரும் முதல் நல்ல துண்டைத் தரப் பிரிவுக்காரர் எடுத்துப்போய், அளவுகளைப் படத்தோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்ட பிறகே பேட்ச் ஓடத் தொடங்குகிறது.

இதில் எந்த ஒரு வேலையும் எத்தனை உறை வார்க்கப்போகிறோம் என்பதைக் கேட்பதில்லை. 100 உறைக்கும் இதே வேலை, 10,000 உறைக்கும் இதே வேலை. எந்திர மணியால் வகுக்கும் கணக்கு இந்த உண்மையைப் பார்க்கவே இல்லை. 140 மணி நேரம் தொடர்ந்து ஓடும் வாளிப் பேட்சின் மீது செட்டப் செலவின் பெரும்பகுதியை அது ஏற்றுகிறது; ஐந்து மணி நேரம் ஓடும் உறைப் பேட்சின் மீது ஒரு துளியை மட்டும் வைக்கிறது.

1990இல் மேலாண்மைக் கணக்கியல் அறிஞர் ராபின் கூப்பர் முன்வைத்து, 1991இல் ராபர்ட் கப்லானோடு சேர்ந்து விரித்துச் சொன்ன நான்கு மட்டங்கள் இங்கேதான் உதவிக்கு வருகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் நடக்கும் வேலை அலகு மட்டம். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒருமுறை நடப்பது பேட்ச் மட்டம். ஒரு வடிவம் நம் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே நடப்பது பொருள் மட்டம். ஆலை திறந்திருக்கிறது என்பதற்காக நடப்பது ஆலை மட்டம். பெயர்களைவிட, செலவைக் கிளப்பிவிடும் நிகழ்வு எது என்ற கேள்விதான் முக்கியம்.

பேரேட்டின் தலைப்புகளை நம்பக்கூடாது

60 லட்சத்தை இந்த நான்கு மட்டங்களுக்குப் பிரிக்க உட்காரும்போது முதல் சிக்கல் பேரேட்டிலேயே வருகிறது. அங்கே "தரப் பிரிவுச் சம்பளம்", "பராமரிப்பு", "மின்சாரம்" என்றுதான் தலைப்புகள் இருக்கும். இவை துறைகள், அல்லது வாங்கப்பட்ட பொருட்கள், செயல்பாடுகள் அல்ல. ஒரே தலைப்புக்குள் நான்கு மட்டங்களும் கலந்திருக்கும்.

தரப் பிரிவையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கொருமுறை எந்திரத்திலிருந்து துண்டுகளை எடுத்துப் பார்க்கிறார். எந்திரம் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு வேலை. இது அலகு மட்டத்தோடு போகும். அவரே பேட்ச் தொடக்கத்தில் முதல் துண்டைச் சோதிக்கிறார். இது பேட்ச் மட்டம். வாடிக்கையாளர் படத்தைத் திருத்தி அனுப்பினால் சோதனைத் திட்டத்தையும் அளவுமானியையும் மாற்றுகிறார். இது பொருள் மட்டம். ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக் கூடக் கருவிகள் எல்லாவற்றையும் சரிபார்ப்புக்கு அனுப்புகிறார். இது ஆலை மட்டம். ஒரே மனிதர், ஒரே சம்பளம், நான்கு மட்டம்.

"உங்கள் நேரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். "எது நடந்தால் நீங்கள் எழுந்து போக வேண்டியிருக்கிறது?" என்று கேட்டால் மட்டம் தெளிவாகும். அதற்கு வரும் பதிலை நேரக் குறிப்போடு ஒருசில வாரம் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மணித்துளிக் கணக்கு தேவையில்லை. மட்டம் சரியாக இருந்து தொகை சற்று முன்பின்னாக இருந்தால் முடிவு மாறாது. தொகை துல்லியமாக இருந்து மட்டம் தவறினால் முடிவே தலைகீழாகிவிடும்.

கழிவும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. முன்பு சொன்ன 25 வார்ப்புக் கழிவைப் பெரும்பாலான ஆலைகள் மூலப்பொருள் செலவில் "சராசரிக் கழிவு இத்தனை சதவீதம்" என்று சேர்த்துவிடும். அப்படிச் சேர்த்ததும் அது அலகு மட்டச் செலவு மாதிரி ஆகிவிடுகிறது. 14,000 வாளிப் பேட்சில் 25 என்பது 0.2 சதவீதம்கூட இல்லை. 100 உறைப் பேட்சில் அது 25 சதவீதம். 200 பேட்சுக்கு 5,000 துண்டு. விற்பனைக்குப் போகும் 40,000 உறைக்கு எதிரே எட்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கை அரைத்து மறுபடி பயன்படுத்தினால் ஓரளவு மீளும், முழுவதும் மீளாது. இந்த ஆய்வில் கழிவை மேற்செலவுக்குள் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் உறையின் நிலை கீழே வருவதைவிட இன்னும் மோசமாகத் தெரிந்திருக்கும்.

பிரித்த பிறகு

பிரித்து முடித்ததும் கிடைத்த படம் இது. எந்திரம் ஓடுவதற்கான மின்சாரம், எண்ணெய், தேய்மானம், ஓட்டத்தோடு போகும் சோதனை ஆகியவை 18 லட்சம், அலகு மட்டம். மோல்டு மாற்றுவது 9 லட்சம், முதல் துண்டுச் சோதனையும் பேட்சுக்கான பொருள் நகர்த்தலும் 6 லட்சம், ஆக பேட்ச் மட்டம் 15 லட்சம். மோல்டு பராமரிப்பு, படத் திருத்தம், சோதனைத் திட்டம், மோல்டு அறை ஆகியவை 12 லட்சம், பொருள் மட்டம். மிச்சம் 15 லட்சம் ஆலை மட்டம்: கட்டடம், காவல், ஆலை மேலாளர் அலுவலகம்.

அலகு மட்டம் சுலபம். 18 லட்சத்தை 12,000 மணியால் வகுத்தால் மணிக்கு 150.

பேட்ச் மட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆண்டில் வாளிக்கு 50 பேட்ச், நாற்காலிக்கு 50, உறைக்கு 200, மொத்தம் 300. 15 லட்சத்தை 300ஆல் வகுத்து, பேட்சுக்கு 5,000 என்று வைத்தால் உறைக்கு 10 லட்சம் போகும். இது பழைய கணக்கைவிட மேல். ஆனாலும் உறைக்கு அநியாயம். வாளி மோல்டும் நாற்காலி மோல்டும் கனமானவை, மாற்ற ஆறு மணி நேரம் ஆகும். உறை மோல்டுக்கு இரண்டு மணி நேரம்தான். ஆகவே மோல்டு மாற்றத்துக்குப் பேட்ச் எண்ணிக்கையை அல்ல, செட்டப் மணியைக் காரணியாக எடுக்க வேண்டும். மொத்தச் செட்டப் 300, 300, 400 என 1,000 மணி, மணிக்கு 900. முதல் துண்டுச் சோதனை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கிறது, ஆகவே அங்கே பேட்ச் எண்ணிக்கை போதும், பேட்சுக்கு 2,000. இப்போது உறையின் பேட்ச் மட்டச் செலவு 7.6 லட்சம், வாளிக்கும் நாற்காலிக்கும் தலா 3.7 லட்சம். மட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. அந்த மட்டத்துக்குள் ஒவ்வொரு நிகழ்வும் சம அளவு உழைப்பைக் கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பொருள் மட்டத்தில் 12 மோல்டுக்கு 12 லட்சம், மோல்டுக்கு 1 லட்சம். இங்கே சராசரி ஓரளவு ஒத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். படம் அடிக்கடி திருத்தப்படும் மோல்டு ஒன்று இருந்தால் அதைத் தனியே கணக்கிட வேண்டும்.

ஆலை மட்டத்தின் 15 லட்சத்தை எந்தப் பொருளுக்கும் பிரிக்கவில்லை.

| (லட்சத்தில்) | வாளி | நாற்காலி | உறை | மொத்தம் |
|---|---|---|---|---|
| நேரடிச் செலவு போக மிச்சம் | 31.5 | 20.0 | 16.0 | 67.5 |
| அலகு மட்டம் | 10.5 | 6.0 | 1.5 | 18.0 |
| மிச்சம் | 21.0 | 14.0 | 14.5 | 49.5 |
| பேட்ச் மட்டம் | 3.7 | 3.7 | 7.6 | 15.0 |
| மிச்சம் | 17.3 | 10.3 | 6.9 | 34.5 |
| பொருள் மட்டம் | 1.0 | 2.0 | 9.0 | 12.0 |
| மிச்சம் | 16.3 | 8.3 | −2.1 | 22.5 |
| ஆலை மட்டம் | | | | 15.0 |
| ஆலையின் லாபம் | | | | 7.5 |

ஆலையின் லாபம் பழையபடி 7.5 லட்சம்தான். எந்தச் செலவும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் நட்டம் என்று ஒதுக்கப்பட்ட வாளிதான் ஆலையைத் தாங்கி நிற்கிறது. லாபம் என்று கொண்டாடப்பட்ட உறை 2.1 லட்சம் குறைவாக முடிகிறது.

இந்த அட்டவணையை நான் கடைசி வரிசைக்காகப் படிப்பதில்லை; மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாகப் படிப்பேன். உறை எந்தப் படியில் விழுகிறது என்பதுதான் சேதி. துண்டு துண்டாகப் பார்த்தால் அது நல்ல பொருள். பேட்ச் செலவைக் கழித்த பிறகும் 6.9 லட்சம் நிற்கிறது. ஒன்பது வடிவங்களை வைத்துப் பராமரிக்கும் படியில்தான் அது சறுக்குகிறது. ஆகவே விலையை ஏற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஒன்பதும் வேண்டுமா என்பது.

ஒன்பதுக்குள் நுழைந்தால்

ஒன்பதையும் ஒரே மூட்டையாக வைத்திருந்தால் பதில் கிடைக்காது. விற்பனைப் பதிவைப் பிரித்ததில், மூன்று வடிவங்கள் சேர்ந்து 30,000 உறை. 100 பேட்ச், பேட்சுக்கு 300. மிச்ச ஆறு வடிவங்கள் சேர்ந்து 10,000 உறை; அவற்றுக்கும் 100 பேட்ச், பேட்சுக்கு வெறும் 100.

ஒரு உறையில் அலகு மட்டச் செலவு போக 36.25 மிஞ்சுகிறது. ஒரு உறைப் பேட்ச் தொடங்க 3,800 ஆகிறது: செட்டப் இரண்டு மணிக்கு 1,800, சோதனைக்கும் நகர்த்தலுக்கும் 2,000.

பெரிய மூன்றும் 10,87,500 கொண்டுவருகின்றன. 100 பேட்சுக்கு 3,80,000, மூன்று மோல்டுக்கு 3,00,000 கழித்தால் 4,07,500 மிச்சம். சிறிய ஆறும் 3,62,500 கொண்டுவருகின்றன; 100 பேட்சுக்கு 3,80,000 போனால் அங்கேயே 17,500 குறைகிறது. ஆறு மோல்டுக்கு 6,00,000 கழித்தால் பள்ளம் 6,17,500.

ஆக, உறை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நிலைமைகள். பெரிய மூன்றும் எல்லாப் படிகளையும் தாண்டுகின்றன. சிறிய ஆறும் பேட்ச் படியிலேயே தடுக்குகின்றன. 3,800ஐ 36.25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 105. ஒரு பேட்ச் தன் செட்டப்பைத் தானே சுமக்க 105 உறையாவது வேண்டும். இவர்கள் 100 வார்க்கிறார்கள். ஒவ்வொரு ஆர்டரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கடிக்கிறது. "ஒரு உறைக்கு லாபம் 27.50" என்று பழைய அறிக்கை சொல்லிக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

பொருள் மட்டத்துக்கும் இதே போல ஒரு எல்லை உண்டு. பேட்சுக்கு 300 வார்க்கும் வடிவம் ஒரு பேட்சில் 10,875 கொண்டுவந்து, 3,800 போக 7,075 தருகிறது. மோல்டைப் பராமரிக்கும் 1 லட்சத்தை எட்ட ஆண்டுக்கு 15 பேட்ச் தேவை. அதாவது 4,500 உறை. அதற்குக் கீழே இருக்கும் வடிவத்தைப் பட்டியலில் வைத்திருக்க வேறு நல்ல காரணம் வேண்டும்.

எல்லாவற்றையும் துண்டால் வகுக்கும் பழக்கம்

இவ்வளவு தூரம் வந்த பிறகும் பலர் செய்யும் ஒரு காரியம், உறையின் 18.1 லட்சத்தை 40,000ஆல் வகுத்து, "உறைக்கு மேற்செலவு 45.25" என்று மென்பொருளில் ஏற்றிவிடுவது. பிரித்த மட்டங்களை அந்த ஒரே வகுத்தல் மறுபடி கலந்துவிடுகிறது.

பெரிய வடிவம் ஒன்றின் வாடிக்கையாளர், ஓடிக்கொண்டிருக்கும் பேட்சிலேயே இன்னும் 100 சேர்த்து வார்த்துத் தர முடியுமா, விலை 35 தருகிறேன் என்கிறார். திரையில் மூலப்பொருளும் கூலியும் 20, மேற்செலவு 45.25, ஆக 65.25 என்று இருக்கிறது. விற்பனைக்காரர் மறுத்துவிடுவார். ஆனால் மோல்டு ஏற்கெனவே மாட்டியிருக்கிறது, முதல் துண்டு தேறிவிட்டது, படமும் பழையதே. கூடுதலாக ஆவது 20 உடன் எந்திரச் செலவு 3.75, ஆக 23.75. மறுத்ததில் கைநழுவியது 1,125. எந்திரத்துக்கு அடுத்து வேறு வேலை வரிசையில் காத்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்தான்; அப்போதும் 65.25 என்ற எண் எந்தக் கேள்விக்கும் விடையல்ல.

நேரெதிராகவும் நடக்கும். 45.25 என்ற எண்ணை வைத்துக்கொண்டு 100 உறையைப் புதிய பேட்சாக ஆர்டர் எடுத்தால் மேற்செலவு 4,525 என்று தெரியும். புதிய வடிவமாக இருந்தால் உண்மையில் செட்டப்பும் மோல்டுப் பராமரிப்பும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டும். ஒரே எண் ஒரு இடத்தில் அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறது, இன்னொரு இடத்தில் துணிச்சல் கொடுக்கிறது. ஆகவே செலவை எந்த மட்டத்தில் பிடித்தோமோ அந்த மட்டத்தின் அலகிலேயே வைத்திருக்க வேண்டும்: மணிக்கு 150, செட்டப் மணிக்கு 900, பேட்சுக்கு 2,000, மோல்டுக்கு ஆண்டுக்கு 1,00,000.

பிரிக்காமல் விட்ட 15 லட்சம்

ஆலை மட்டச் செலவைப் பொருட்களுக்குப் பிரிக்கவில்லை என்றதும் கணக்குப் பிரிவிலிருந்து எதிர்ப்பு வரும். முழுச் செலவு தெரியாமல் விலை எப்படி வைப்பது என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. எல்லாப் பொருளும் சேர்ந்து 15 லட்சத்துக்கு மேல் ஈட்டியாக வேண்டும். ஆனால் அதில் எது எவ்வளவு என்பதை நிர்ணயிக்கும் நிகழ்வு எதுவும் தளத்தில் இல்லை. ஒரு வடிவத்தை நிறுத்தினாலும் காவலாளி சம்பளம் அப்படியேதான் இருக்கும்.

நிதி அறிக்கைக்கு விதி வேறு. சரக்கு மதிப்பீட்டுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2இன்படி, உற்பத்தி சார்ந்த நிலையான மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்துச் சரக்கின் மீது ஏற்றியாக வேண்டும். ஆகவே ஆலைக் கட்டடச் செலவு அங்கே இருப்பின் மதிப்பில் வரும். அந்தக் கணக்கு அதன் தேவைக்கு. இந்த அட்டவணை முடிவெடுக்க. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஆலை மட்டத்தைக் குப்பைத் தொட்டியாக்கிவிடும் வழக்கம். எங்கே வைப்பது என்று தெரியாததை எல்லாம் அதில் போட்டுவிடுவார்கள். இந்த ஆலையிலேயே முதலில் கட்டட வாடகை முழுவதும் அங்கேதான் இருந்தது. மோல்டு அறை எடுத்துக்கொள்ளும் தரைப் பரப்பு 12 மோல்டு இருப்பதால்தான் தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகே அந்தப் பங்கு பொருள் மட்டத்துக்கு வந்தது. ஆலை மட்டத் தொகை மொத்த மேற்செலவில் பாதியைத் தொட்டால், அதற்குள் பேட்ச் செலவும் பொருள் செலவும் ஒளிந்திருக்கின்றனவா என்று திறந்து பார்ப்பது நல்லது.

தேய்மானம் இன்னொரு சர்ச்சை. எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுத் தேய்மானம் அதேதான் என்றால் அது ஏன் அலகு மட்டத்தில் இருக்கிறது? எந்திரத் திறனைத் துண்டுகள் மணிக்கணக்கில் உண்கின்றன, நீண்ட காலத்தில் அந்தத் தேவைதான் எந்திர எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்பதே பதில். அடுத்த வாரத்து ஆர்டரைப் பற்றிய முடிவென்றால் அதை விலக்கிவிட்டுப் பார்க்கலாம்.

ஆறு வடிவத்தை நிறுத்தினால் 6,17,500 கைக்கு வருமா?

வராது. குறைந்தபட்சம், தானாக வராது. சிறிய ஆறையும் நிறுத்தினால் அடுத்த நாளே நின்றுபோவது அவை கொண்டுவந்த 3,62,500. செட்டப் ஆட்கள் அப்படியே இருப்பார்கள், தரப் பிரிவும் அப்படியே இருக்கும், மோல்டு பராமரிப்பவருக்குச் சம்பளம் மாதாமாதம் போகும். செட்டப்பில் 200 மணி மிஞ்சும், அதன் மதிப்பு தாளில் 1,80,000. அந்த 200 மணியை வேறு வேலைக்குத் திருப்பினால், அல்லது அடுத்து ஆள் எடுப்பதைத் தவிர்த்தால்தான் அது பணமாகும். இல்லாவிட்டால் ஆலை முன்னைவிட ஏழையாகத்தான் இருக்கும். மட்ட அமைப்பு வளம் எங்கே பயன்படுகிறது என்று சொல்கிறது. செலவைக் குறைக்கும் வேலையை மேலாளர்தான் செய்ய வேண்டும்.

மணிக்கு 900 என்ற விகிதத்துக்குள்ளும் இதே விஷயம் இருக்கிறது. செட்டப் குழுவால் ஆண்டுக்கு 1,250 மணி வேலை செய்ய முடியும், 1,000 மணிதான் செய்தார்கள் என்றால், சரியான விகிதம் மணிக்கு 720. மிச்ச 1,80,000 பயன்படாத திறனின் செலவு. அதை எந்த பேட்சின் தலையிலும் கட்டாமல் தனி வரியாகக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், ஆறு வடிவத்தை நிறுத்திய மறு ஆண்டு அதே 9 லட்சத்தை 800 மணியால் வகுத்து விகிதம் 1,125 ஆகும். அப்போது பெரிய மூன்று வடிவங்களும் நலிந்ததாகத் தெரியத் தொடங்கும். அவற்றில் ஒன்றையும் நிறுத்தலாம் என்பார்கள். நல்ல பொருட்களை ஒவ்வொன்றாக இழக்கும் ஆலைகள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் வழுக்குகின்றன.

விலையையும் மூன்றாகப் பிரித்தல்

ஆகவே ஆறையும் ஒரேயடியாக வெட்டுவதைவிட, விலையை மட்டங்களின்படி பிரித்து வாடிக்கையாளரிடமே தேர்வை விடுவது பொருத்தமாகப் படுகிறது. சிறிய வடிவம் ஒன்று ஆண்டுக்கு 1,600 உறை, 16 பேட்ச். இப்போது 60 விலையில் 96,000 வருகிறது. எல்லாச் செலவும் போக 1,02,800 குறைகிறது.

புதிய விலை மூன்று வரி: உறைக்கு 50, ஒவ்வொரு பேட்சுக்கும் 4,000, மோல்டைப் பராமரித்து வைக்க ஆண்டுக்கு 80,000. வாடிக்கையாளர் பழையபடி 16 முறை வாங்கினால் மொத்தம் 2,24,000 கட்டுவார், ஆலைக்கு 25,200 மிஞ்சும். அதே 1,600ஐ நான்கு முறையாக, தடவைக்கு 400 என்று வாங்கினால் 1,76,000 போதும், ஆலைக்கு 22,800 மிஞ்சும். ஆலைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வாடிக்கையாளருக்கு 48,000 மிச்சம்; அதை இருப்பு வைக்கும் செலவோடு அவரே ஒப்பிட்டுக்கொள்வார். எந்த வழியாக இருந்தாலும் அவருக்கு ஒரு உறை 100க்கு மேல் விழும். தாங்காதவர்கள் விலகுவார்கள்.

விலகும் ஒவ்வொருவரோடும் சேர்ந்து எத்தனை செட்டப் மணி விடுபடுகிறது என்று எழுதி வைக்க வேண்டும். நான்கு முறைக்கு மாறும் வாடிக்கையாளர் ஒருவரே 24 மணி விடுவிக்கிறார். ஆண்டு முடிவில் விடுபட்ட மணிகளின் கூட்டுத்தொகையையும் செட்டப் குழுவுக்குக் கொடுத்த சம்பளத்தையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்துப் பார்த்தால், மணி குறைந்ததோடு சம்பளச் செலவும் குறைந்ததா, இல்லை பயன்படாத திறன் வரிதான் பெருத்ததா என்று தெரிந்துவிடும்.